பால்கனியில் செருகிய சூரியப் பேனலும் ஏறிப்போன மின்கணக்கும்: ஓர் அடுக்குமாடி வீட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நான்காவது தளத்தில் வசிக்கும் ஒரு குடும்பம், ஜனவரி மாத இரண்டாம் வாரத்தில், செருகிப் பயன்படுத்தும் பால்கனிப் பேனல் தொகுப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தியது. மொட்டைமாடி எல்லாருக்கும் பொதுவானது என்பதால் அங்கே தனியாகப் பேனல் வைக்க அவர்களுக்கு வழியில்லை. பால்கனி தெற்கு நோக்கி இருந்தது. எதிரே உயரமான கட்டடம் எதுவும் இல்லை. பகலில் வெயில் நன்றாக விழுகிறது என்பதைத் தவிர வேறு கணக்கு எதையும் அவர்கள் போட்டுப் பார்க்கவில்லை.

தொகுப்பில் 400 வாட் பேனல்கள் இரண்டும், 800 வாட் வரை தரக்கூடிய மைக்ரோ இன்வெர்ட்டர் ஒன்றும், மூன்று முள் பிளக் மாட்டிய கேபிளும் இருந்தன. பேனல் தரும் நேர் மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாறு மின்சாரமாக மாற்றி, பிளக் வழியாகவே வீட்டு ஒயரிங்கில் சேர்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் முதலில் இதை எடுத்துக்கொள்ளும். போதாததை மட்டும் மின்வாரிய இணைப்பிலிருந்து எடுக்கும். விற்றவர் நாளொன்றுக்கு 3.5 யூனிட் கிடைக்கும் என்றும், பிளக்கைச் செருகுவது மட்டுமே வேலை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றும் சொல்லியிருந்தார்.

நான் அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் மின் பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவன். பேனல் பொருத்தி ஐந்து வாரம் கழித்துத்தான் விஷயம் என்னிடம் வந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளங்களைத் தவிர்த்து, நடந்ததை நடந்த வரிசையில் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் மாதம்

முதல் நாளிலேயே கைபேசிச் செயலியில் எண்கள் ஓடத் தொடங்கின. நண்பகலில் 400 வாட்டைத் தாண்டியது. மாலையில் அன்றைய மொத்தம் 2.1 யூனிட் என்று காட்டியது. சொன்னது 3.5 ஆயிற்றே என்ற குறை இருந்தாலும், மாதத்துக்கு 60 யூனிட்டாவது குறையுமே என்று அவர்கள் ஆறுதல் அடைந்தார்கள்.

பிப்ரவரி நடுவில் வந்த மின்கணக்கு அந்த ஆறுதலைக் குலைத்தது. முந்தைய 30 நாள்களில் 248 யூனிட் செலவழித்த வீட்டில், பேனல் ஓடிய 30 நாள்களில் 263 யூனிட் பதிவாகியிருந்தது. அதே காலத்தில் பேனல்கள் 63 யூனிட் தந்ததாகச் செயலி காட்டியது. வீட்டுச் செலவு மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால், 15 யூனிட் கூடியதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் 63 யூனிட் உள்ளே வந்தும் கணக்கு இறங்கவில்லை என்றால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

அதே வாரத்தில் இன்னும் இரண்டு செய்திகள் வந்தன. காற்று பலமாக வீசிய ஓர் இரவில் பேனல் கிராதியில் மோதி அடித்துக்கொண்டே இருந்ததாக மூன்றாவது தளத்து வீட்டார் புகார் சொன்னார்கள். நான் பேனல் வைத்த வீட்டுக்குப் பார்க்கப் போனபோது அங்கிருந்த பாட்டியம்மா தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார்: “ஈரத்துணி காயப்போடும்போது கம்பி சுருக்குன்னு இழுக்குது தம்பி. வயசாச்சு, நரம்புக் கோளாறோன்னு யார்கிட்டயும் சொல்லலை.” மின்கணக்கைப் பார்க்கத்தான் போயிருந்தேன், அவர் சொன்னதைக் கேட்டதும் முதல் வேலையாகப் பிளக்கை உருவச் சொன்னேன்.

மீட்டரின் முன் ஒரு மணி நேரம்

பாதுகாப்புச் சோதனைகளை முடித்து, பழுதான இணைப்பை மாற்றிய பிறகு, மறுநாள் காலை 11 மணிக்கு மீட்டரைச் சோதித்தோம். அந்த மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 முறை மினுக்கும் சிறு விளக்கு இருந்தது. எண்ணிக்கை மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பத்து மினுக்கலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கைபேசிக் கடிகாரத்தில் பார்த்து, 11250-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால், அந்த நேரத்தில் மீட்டரைக் கடக்கும் வாட் கிடைத்துவிடும். ஒரு யூனிட்டுக்கு வேறு எண்ணிக்கையில் மினுக்கும் மீட்டராக இருந்தால், பத்து மினுக்கலுக்கு உரிய வாட்-மணியை 3600-ஆல் பெருக்கி அந்த 11250-க்குப் பதிலாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபிரிட்ஜை நிறுத்தி, சிறு கருவிகளை மட்டும் ஓடவிட்டு, பேனல் பிளக்கை எடுத்துவிட்டுப் பார்த்தபோது பத்து மினுக்கலுக்கு 187 விநாடி ஆயிற்று. அதாவது வீடு 60 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. பிறகு பிளக்கைச் செருகினோம். ஐந்து நிமிடம் கழித்து இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு 402 வாட் தரத் தொடங்கியது. 60 வாட் வீட்டில் செலவாக, மீதி 342 வாட் மீட்டர் வழியே வெளியே போக வேண்டும். வெளியே போவதை மீட்டர் கணக்கில் சேர்க்காது என்றால் விளக்கு மினுக்குவதை நிறுத்தியிருக்க வேண்டும். விளக்கு நிற்கவில்லை. முன்னைவிட வேகமாக, பத்து மினுக்கலுக்கு 33 விநாடி என்ற கணக்கில் மினுக்கியது. 11250-ஐ 33-ஆல் வகுத்தால் சுமார் 341 வாட் வருகிறது. வெளியே போகும் மின்சாரம் முழுவதும் அப்படியே எண்ணப்பட்டுக்கொண்டிருந்தது.

சில மீட்டர்களில் விளக்கு மட்டும் மினுக்கும், பதிவு எண் ஏறாது. அதனால் அதோடு நிறுத்திக்கொள்ளாமல், எண் காட்டும் திரையையும் ஒரு மணி நேரம் பார்த்தோம். வீட்டுக்குள் வெளி மின்சாரம் ஒரு துளியும் வராத அந்த ஒரு மணி நேரத்தில் பதிவு 0.3 யூனிட் ஏறியிருந்தது.

இது மீட்டரின் பழுது அன்று. இணைப்பை முன்பின் மாற்றிப் போட்டு மின்சாரம் திருடுவதைத் தடுக்க, மின்னோட்டம் எந்தத் திசையில் போனாலும் செலவாகவே எண்ணும்படி பல ஒருவழி மின்னணு மீட்டர்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. பழைய சக்கர மீட்டராக இருந்தால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றியிருக்கும். அது நுகர்வோருக்கு லாபமாகத் தெரிந்தாலும் வாரியத்தின் கணக்கைத் திருத்துவதற்குச் சமம் என்பதால் பெரும்பாலான இடங்களில் குற்றமாகிவிடும். வருவதையும் போவதையும் தனித்தனிப் பதிவில் வைக்கும் இருவழி மீட்டர்தான் இந்தத் தொகுப்புக்கு ஏற்றது.

முதல் மாதத்தின் கணக்கும் இதோடு தெளிவாயிற்று. அந்த வீட்டில் பகலில் எல்லாரும் வெளியே போய்விட, பாட்டியம்மா மட்டுமே இருப்பார். ஃபிரிட்ஜ், வைஃபை, ஒரு மின்விசிறி எல்லாம் சேர்த்துப் பகல் சராசரி 130 வாட். ஆகவே தினம் கிடைத்த 2.1 யூனிட்டில் சுமார் 0.8 யூனிட்டைத்தான் வீடு பயன்படுத்திக்கொண்டது, மீதி 1.3 வெளியே போயிற்று. 30 நாளில் 24 யூனிட் மிச்சமாயிற்று, 39 யூனிட் செலவாக ஏறிற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கணக்கில் கூடிய அதே 15 யூனிட்.

பிளக்கிலிருந்து கிராதி வரை

முதல் நாள் செய்த பாதுகாப்புச் சோதனைக்கு இப்போது வருகிறேன். பால்கனியில் இருந்த ஒரே சாக்கெட்டில் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி செருகப்பட்டு, அதில் பேனலின் பிளக்கும் வாஷிங் மெஷினின் பிளக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெட்டியின் எர்த் முள் உடைந்திருந்தது. இன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் இரைச்சல் வடிகட்டிகள் வழியாக மிகச் சிறிய கசிவு அதன் உலோக உறைக்கு எப்போதும் வந்துகொண்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அது யாருக்கும் தெரியாமல் நிலத்துக்குப் போய்விடும். இங்கே போக வழியில்லாததால் உறையிலிருந்து பேனல் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து கிராதிக்கும் ஏறி, ஈரக் கையில் சுருக்கென்று தைத்தது. அந்த அளவுக் கசிவு உயிரைப் பறிக்காது. ஆனால் எர்த் இல்லாத அதே நிலையில் உள்ளே ஓர் இன்சுலேஷன் கெட்டிருந்தால், முழு மின்னழுத்தமும் அந்தக் கிராதியில்தான் நின்றிருக்கும்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பக்கவாட்டு பிளாஸ்டிக் மஞ்சளித்து, தொட்டால் சூடாக இருந்தது. பேனலை இப்படிச் செருகுவதில் பலருக்கும் எளிதில் பிடிபடாத ஓர் ஆபத்து இருக்கிறது. மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்.சி.பி. ஒரு லைனில் 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால், அந்த லைனின் ஒயர் 16 ஆம்பியருக்கு மேல் தாங்க வேண்டியிராது என்று நம்பித்தான் ஒயரைத் தேர்ந்தெடுக்கிறோம். பேனல் அதே லைனின் மறு நுனியில் மின்சாரத்தை ஊட்டும்போது, எம்.சி.பி. வழியாக 16 ஆம்பியரும், அதற்குத் தெரியாமல் பேனல் வழியாக 3.5 ஆம்பியர் வரையும் சேர்ந்து ஒயரின் ஒரு பகுதியில் 19.5 ஆம்பியர் ஓடக்கூடும். எம்.சி.பி. தன் வழியே போவதை மட்டுமே அறியும் என்பதால் விழாது. சுவருக்குள் நல்ல ஒயர் இருந்தால் இதைத் தாங்கிக்கொள்ளலாம். தண்ணீரைச் சூடாக்கும் வாஷிங் மெஷினோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பகிர்ந்துகொள்ளும்போது அந்தப் பெட்டியின் தளர்ந்த தொடுமுனைதான் முதலில் கருகும்.

இவற்றைவிட என்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று. “கரண்ட் போனபோதும் பேனல் நிற்காமல் ஓடியது சார்” என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். ஓடியிருக்கக் கூடாது. வெளி மின்சாரம் நின்றால் இரண்டு விநாடிக்குள் தானும் நின்றுவிட வேண்டும் என்பதே இந்த இன்வெர்ட்டர்களுக்கான சர்வதேசச் சோதனை விதி. கம்பத்தில் வேலை செய்பவரின் உயிர் அதில் இருக்கிறது, பிளக்கை உருவியவர் அதன் முள்ளைத் தொட்டாலும் அதிர்ச்சி ஏற்படாமல் இருப்பதும் அதனால்தான். பிளக்கை உருவி முள்களுக்கிடையே வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தபோது மின்னழுத்தம் உடனே விழுந்தது; இன்வெர்ட்டரில் குறை இல்லை. வீட்டு லைன்கள் பிரியும் டி.பி. பெட்டியைத் திறந்து அவற்றைத் தொடர்ந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: பால்கனி சாக்கெட் வீட்டு யு.பி.எஸ். லைனில் இருந்தது. மின்வெட்டின்போது யு.பி.எஸ். தரும் சைன் அலை மின்சாரத்தை வாரிய மின்சாரம் என்றே நம்பி, பேனல் இன்வெர்ட்டர் அதோடு இணைந்து ஓடியிருக்கிறது. வீட்டில் செலவாகாத மின்சாரம், வெளியே போக வழியின்றி, யு.பி.எஸ்.ஸின் வெளிவாசல் வழியாகவே அதற்குள் ஏறியிருக்கிறது. யு.பி.எஸ். அன்று இரண்டு முறை பீப் ஒலி எழுப்பி அணைந்ததை வீட்டில் எல்லாரும் நினைவு வைத்திருந்தார்கள். பேட்டரி பழசாகிவிட்டது என்று எண்ணியிருக்கிறார்கள். இப்படித் தொடர்ந்திருந்தால் யு.பி.எஸ். எரிந்திருக்கும், அல்லது கட்டுப்பாடில்லாமல் சார்ஜ் ஏறி பேட்டரி கெட்டிருக்கும்.

கிராதிப் பக்கம் நிலைமை எளிமையானது, ஆனால் மோசமானது. ஒவ்வொரு பேனலும் 1.72 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 21 கிலோவுக்குச் சற்று அதிகமான எடை. மேலே இரண்டு கொக்கிகள், கீழே பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள். ஐந்து வார வெயிலில் ஒரு பட்டை ஏற்கெனவே வெடித்துவிட்டிருந்தது. அந்தப் பக்கம்தான் இரவில் அடித்துக்கொண்டது. எடையைக் கிராதி தாங்கும்; காற்றைத்தான் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 540 நியூட்டன் அழுத்தம் தரும். ஒரு பேனலின் பரப்புக்கு அது 100 கிலோவைத் தாண்டிய தள்ளல். புயலின்போது வேகம் 45 மீட்டரானால் அதுவே 240 கிலோவாகிவிடும், ஏனெனில் வேகம் ஒன்றரை மடங்கானால் அழுத்தம் இரண்டே கால் மடங்காகிறது. கட்டட மூலைகளில் வெளிப்பக்க உறிஞ்சலும் சேரும். கிராதியைச் சுவரோடு பிடித்திருந்த போல்ட்டுகளில் இரண்டு துருவேறி, பெயின்ட்டுக்கு அடியில் பொருக்காகியிருந்தன. நான்காவது தளத்துக்கு நேர் கீழே பிள்ளைகள் விளையாடும் நடைபாதை இருக்கிறது.

அனுமதி

அனுமதி தேவையில்லை என்று விற்றவர் சொன்னது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். வேறோர் இடத்துக்குப் பொருந்தும் செய்தியை இங்கே ஒட்டவைத்துவிட்டார். ஜெர்மனியில் 2024-ஆம் ஆண்டு வந்த சட்டத்திருத்தங்களின்படி, 800 வோல்ட்-ஆம்பியர் வரையிலான இன்வெர்ட்டரையும் மொத்தம் 2000 வாட் வரையிலான பேனல்களையும் அரசுப் பதிவேட்டில் பதிந்துவிட்டுப் பயன்படுத்தலாம். மின்வலைய நிறுவனத்துக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை. வாடகைதாரரும் அடுக்குமாடியில் சொந்த வீடு உள்ளவரும் இதற்குச் சம்மதம் கோரும் உரிமையையும் அதே ஆண்டு பெற்றார்கள். அங்கேயும் எப்படிப் பொருத்துவது என்பதில் மற்ற உரிமையாளர்களுக்குச் சொல் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2025-இல் 1200 வாட் வரை இதே போன்ற வழியைத் திறந்தது. இப்படித் தனிச் சட்டம் இல்லாத இடங்களில், வீட்டு இணைப்போடு எந்த மின்னாக்கியை இணைத்தாலும் அது சிறியதோ பெரியதோ, விநியோக நிறுவனத்தின் பொதுவான இணைப்பு விதிகளுக்குள்தான் வரும்.

எங்கள் நிகழ்வில் இரண்டு வாசல்களைத் தட்ட வேண்டியிருந்தது. ஒன்று சங்கம்: வீடு குடும்பத்துக்குச் சொந்தமானாலும், கட்டடத்தின் வெளிமுகமும் கிராதியின் வெளிப்பக்கமும் எல்லாருக்கும் பொது. மற்றொன்று விநியோக நிறுவனம். அவர்கள் எழுத்தில் தந்த பதில் தெளிவாக இருந்தது: இப்போதைய மீட்டரோடு இணைக்கக் கூடாது, இன்வெர்ட்டரின் சோதனைச் சான்றிதழோடு விண்ணப்பித்து, செலவை ஏற்றுக்கொண்டால் இருவழி மீட்டர் பொருத்தித் தருவார்கள், இவ்வளவு சிறிய அளவுக்கு வெளியே போகும் யூனிட்டுக்கு மின்கணக்கில் கழிவு கிடையாது. குடியிருப்பவர் வாடகைதாரராக இருந்திருந்தால் வீட்டு உரிமையாளரின் கடிதமும் தேவைப்பட்டிருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மீட்டர் மாறும் வரை தொகுப்பை முழுவதுமாகக் கழற்றி வைத்தோம். கழற்றும்போது பிளக்கை முதலில் உருவி, இன்வெர்ட்டர் நின்றதை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே பேனலின் எம்சி4 இணைப்பிகளைப் பிரித்தோம். வரிசையை மாற்றி, மின்னோட்டம் ஓடும்போதே அந்த இணைப்பியைப் பிரித்தால், நேர் மின்சாரத்தின் பொறி அணையாமல் நீண்டு கையைச் சுடும்.

இரண்டு பேனலில் ஒன்றை மட்டுமே திரும்பப் பொருத்துவது என்று முடிவாயிற்று. இதைக் குடும்பம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கியதை ஏன் சும்மா வைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் வெளியே போகும் யூனிட்டுக்குக் கழிவு இல்லை என்றான பிறகு, பகலில் 130 வாட் மட்டும் எடுக்கும் வீட்டுக்கு இரண்டாவது பேனல் தருவதில் பெரும்பகுதி வெளியேதான் போகும். கிராதியின் மேல் விழும் காற்றுச் சுமையோ இரண்டு மடங்காகும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் வீட்டுக்காரரே ஒன்று போதும் என்றார்.

பேனலைக் கீழ்ப்பக்கம் வெளியே தள்ளிச் சாய்த்து வைத்தால் கூடுதல் வெயில் கிடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். சங்கம் அதை ஏற்கவில்லை. கட்டட எல்லைக்கு வெளியே எதுவும் நீளக் கூடாது என்ற விதி பழையது, சாய்த்து வைத்த பேனல் காற்றுக்கும் இடம் கொடுக்கும். அதனால் பேனல் செங்குத்தாகவே நின்றது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்து, துருவேறிய போல்ட்டுகளை மாற்றி, துருப்பிடிக்காத எஃகுப் பிடிகள் ஆறு போடச் சொன்னார். அவை அறுந்தாலும் பேனல் கீழே விழாதபடி ஓர் எஃகுக் கம்பிக்கயிறு தனியாகக் கட்டப்பட்டது.

மின்பக்கத்தில், டி.பி. பெட்டியிலிருந்து யு.பி.எஸ்.ஸைத் தொடாத தனி லைன் ஒன்றை 10 ஆம்பியர் எம்.சி.பி.யோடும் மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோடும் இழுத்து, பால்கனியில் மழை படாத ஐசொலேட்டர் சுவிட்ச்சில் முடித்தோம். அந்த லைனில் வேறு எதுவும் இல்லை. பேனல் சட்டமும் கிராதியும் எர்த்தோடு இணைக்கப்பட்டன. செருகுவது மட்டுமே வேலை என்று விற்கப்பட்ட பொருளுக்கு இவ்வளவு வேலையா என்று கேட்டவர்கள் உண்டு. பழைய ஒயரிங்கும் யு.பி.எஸ்.ஸும் உள்ள வீட்டில் இதற்குக் குறைந்து எதையும் செய்ய என் மனம் ஒப்பவில்லை.

ஓராண்டு அளவுகள்

விண்ணப்பித்த பதினோரு வாரத்தில் இருவழி மீட்டர் வந்தது. மே மாதத்தில் பேனல் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஜூன் முதல் அடுத்த மே வரை மாதாமாதம் குறித்துவைத்தோம்.

முதல் மாதமே ஏமாற்றமாக இருந்தது. ஜூனில் ஒரு நாளைக்குச் சராசரி 0.35 யூனிட்தான். வெயில் கொளுத்துகிறது, பேனல் தூங்குகிறது என்று வீட்டுக்காரர் அழைத்தார். பேனலில் பழுது இல்லை. பழுது எங்கள் எதிர்பார்ப்பில் இருந்தது. அந்தக் குடியிருப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் தலைக்கு நேராகவோ வடக்கே சாய்ந்தோ நிற்கும். தெற்கு நோக்கிச் செங்குத்தாக நிற்கும் பேனலின் முகத்தில் அப்போது நேர் வெயில் ஏறக்குறைய விழுவதே இல்லை. வானத்தின் வெளிச்சமும் தரையிலிருந்து திரும்பும் வெளிச்சமும் மட்டும்தான். மேல் தளத்துப் பால்கனித் தரை அந்த வானத்திலும் பாதியை மறைத்துவிடுகிறது.

ஆண்டின் மறு பாதியில் கதை திரும்பியது. செப்டம்பரில் 0.55, நவம்பரில் 0.8, ஜனவரியில் 1.05 யூனிட் என்று ஏறியது. ஜனவரி நண்பகலில் சூரியன் தெற்கே 57 டிகிரி உயரத்தில் நின்று பேனலை முகத்துக்கு முகம் பார்க்கிறது. பேனலின் நீளப்பக்கம் கிடையாக இருந்ததும் உதவியது: மேல் தளத்தின் நிழல் மேல் விளிம்பில் விழும்போது, உள்ளே மூன்று தொகுதியாக இருக்கும் செல்களில் ஒரு தொகுதி மட்டும் ஒதுங்கிக்கொள்ள, மற்ற இரண்டும் தொடர்ந்து தந்தன.

பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 237 யூனிட். அதில் 190 யூனிட்டை வீடே பயன்படுத்தியது, 47 யூனிட் வெளியே போயிற்று. சராசரியாக ஒரு நாளைக்கு 0.65 யூனிட் உற்பத்தி, 0.52 யூனிட் பயன். விற்றவர் சொன்ன 3.5 எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்தோம்: 0.8 கிலோவாட்டை, தடையில்லாத மொட்டைமாடியில் படுக்கையாக விழும் ஒரு நாள் வெயிலுக்குச் சமமான 5.5 முழு வெயில் மணி நேரத்தால் பெருக்கி, இழப்புக்காக 0.8-ஆல் பெருக்கினால் 3.52 வருகிறது. கூரைக்கு அது சரியான கணக்கு. பால்கனியில் வெயில் அந்தக் கோணத்தில் விழுவதில்லை. உற்பத்தியானது எல்லாமே பயனாகும் என்ற அனுமானமும் அதில் மறைந்திருக்கிறது. வாங்கிய செலவு எத்தனை ஆண்டில் திரும்பும் என்று பார்க்க, உங்கள் கட்டணத்தின் கடைசி யூனிட் விலையை வீட்டில் பயனாகும் யூனிட்டால்தான் பெருக்க வேண்டும். உற்பத்தி எண்ணால் பெருக்கக் கூடாது. தனி லைன், மீட்டர், பிடிகள் ஆகியவற்றின் செலவும் மறுபக்கத்தில் சேர வேண்டும். அப்படிப் பார்த்தபோது இந்தக் குடும்பத்துக்குத் தொகுப்பின் விலையைவிட அதைச் சரியாகப் பொருத்திய செலவே முடிவை நிர்ணயித்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

என் பக்கத்துப் பிழை ஒன்று உண்டு. சங்கத்தின் விதியைத் திருத்தி எழுதுவதில் மூன்று வாரத்தைக் கழித்துவிட்டு, அதன் பிறகே விநியோக நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் மறுத்திருந்தால் அந்த மூன்று வாரமும் வீண். மீட்டர் பற்றிய பதில் முதலில் வர வேண்டும். மற்ற எல்லாம் அதைச் சார்ந்தவை.

பேனலை வாங்கும் முன் ஒரு வாரம் பகலில் வீட்டின் சுமையை அளந்திருந்தால், ஒரு பேனலே போதும் என்று அப்போதே தெரிந்திருக்கும். மீட்டர் விளக்கையும் கைபேசிக் கடிகாரத்தையும் தவிர அதற்கு எதுவும் வேண்டாம்; காலை 10, நண்பகல், பிற்பகல் 3 என்று மூன்று வேளை பார்த்தால் போதும், ஃபிரிட்ஜ் ஓடும் நேரமும் நிற்கும் நேரமும் இரண்டும் சேரும்படி.

தெற்குப் பால்கனி என்றதும் சிறந்தது என்று எண்ணியதும் தவறு. இந்த அட்சரேகையில் கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய கிராதிக்கு, ஆண்டு முழுவதும் அரை நாள் தாழ்ந்த வெயில் கிடைக்கிறது. ஜூனில் இப்படி வற்றிப்போகாது. அந்த வீட்டின் சமையலறைப் பால்கனி கிழக்கே பார்க்கிறது என்பதை மே மாதத்துக்குப் பிறகுதான் யோசித்தோம்.

கழற்றிய இரண்டாவது பேனல் இப்போது அந்தக் கிழக்குக் கிராதிக்காகக் காத்திருக்கிறது. போல்ட்டுகளைப் பார்க்கக் கட்டமைப்புப் பொறியாளர் அடுத்த வாரம் வருகிறார். அவர் கையெழுத்திடாமல் அதை மாட்டப் போவதில்லை என்று வீட்டுக்காரரே சங்கத்துக்கு எழுதித் தந்திருக்கிறார்.